புகைபோக்கியின் அடி

பொறாமைப்பட வேண்டிய ஆள் தூரத்தில் இருந்தால் பரவாயில்லை. எப்போதாவது நினைத்து வயிறு எரிந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். அளவுகோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் பொறாமைப்பட்ட ஆள் ஆபீசில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சகலை. மனைவியின் தங்கை கணவர்.

அளவுகோல் என்பது ஆபீசில் வைத்த பெயர். ஒரு செய்தி நிறுவனத்தின் சரிபார்ப்புப் பிரிவில் அவர் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறார். யாரோ எங்கோ எடுத்ததாக ஒரு வீடியோ வரும். அது நிஜமாகவே அங்கே எடுத்ததா, சொன்ன நேரத்தில் எடுத்ததா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஜன்னல், மின்கம்பம், கூரை, நிழல் என்று எதையும் அளக்காமல் விடமாட்டார். வீட்டில் திரைச்சீலை மாட்டினால்கூட நாடாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

சகலைக்கு ஆபீசில் ஜோசியர் என்று பெயர். ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது இன்ன இடம் என்று சொல்லிவிடுவார், முக்கால்வாசி சரியாக இருக்கும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் தோணுச்சு என்பார். அளவுகோலுக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை அதுதான். தோணுச்சாம்.

இதில் வெளியே சொல்ல முடியாத சங்கடம் என்னவென்றால், ஜோசியரை அந்த ஆபீசுக்குக் கூட்டிவந்ததே இவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சகலைக்கு வேலை போனபோது, மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் செய்தி ஆசிரியரிடம் போய் நின்று, நம்ம பையன்தான் மேடம், நான் பழக்கி எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பழக்கியும் எடுத்தார். ஒரு வருஷம் முடிவதற்குள் செய்தி ஆசிரியர் காலையில் வந்ததும் முதலில் ஜோசியரின் மேசைக்குப் போக ஆரம்பித்தார். வீட்டிலோ மாமியாருக்குச் சின்ன மாப்பிள்ளை வாயைத் திறந்தாலே போதும், முகம் மலர்ந்துவிடும். பெரிய மாப்பிள்ளை வந்தால், வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க, அவ்வளவுதான். சின்ன மாப்பிள்ளை வந்தால் டிவி அணைக்கப்படும்.

பழக்கியபோது சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்ததற்கு அது தேவை. செயற்கைக்கோள் எப்போதும் நேர் மேலே நின்று படம் எடுப்பதில்லை. சற்றுச் சாய்வாகப் பார்த்துத்தான் எடுக்கும். அதனால் படத்தில் வீடும் ரோடும் உள்ள இடத்தில் இருக்கும், ஆனால் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி மாதிரி உயரமானதெல்லாம் ஒரு பக்கம் சரிந்து படுத்தாற்போலத் தெரியும். அதன் தலை ஓர் இடத்தில் இருக்கும், அடி வேறு இடத்தில் இருக்கும். நிழலை அளக்கும்போது கோட்டை அடியிலிருந்துதான் இழுக்க வேண்டும், ஏனென்றால் நிழல் தரையில் தொடங்குவது அங்கேதான். புதிதாக வருகிறவர்கள் பளிச்சென்று தெரியும் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். அளவுகோல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, "அடியைப் பிடி" என்பார். படத்தில் அந்தக் கட்டடமும் அதன் நிழலும் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் அடி. இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஆபீஸ் பையன்கள் அவர் தலை தெரிந்தால், "டேய், அடியைப் பிடிடா" என்று தங்களுக்குள் கிண்டலடிக்கும் அளவுக்குச் சொல்லியிருந்தார்.

அன்று காலை ஒரு லாரி டிரைவரின் மனைவி ஆபீசுக்கு வந்தாள். போன வாரம் நகரத்துச் சந்தை முனையில் மாலை நாலு மணிக்கு ஒரு லாரி சைக்கிளில் போன பெரியவர் மேல் ஏறிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பெரியவர் அங்கேயே இறந்துபோனார். அதே நிறம், அதே மாதிரி என்று இவள் கணவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அன்று மத்தியானம் வக்கீல் அவனுக்கு ஜாமீன் கேட்கப் போகிறார். கையில் காட்ட ஒன்றுமில்லை. கணவனைத் தனியாகப் பார்த்துப் பேச அவளை விடவில்லை. வடக்கே எங்கேயோ சரக்கு ஏற்றச் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்ததாக அன்று ராத்திரி அவன் போனில் சொன்னது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அவள் கொண்டுவந்தது ஒரு வேடிக்கை வீடியோ. முன்பின் தெரியாத யாரோ இணையத்தில் போட்டது. நின்றுகொண்டிருக்கும் லாரியின் முன்கூரை மேல் ஓர் ஆடு ஏறி நிற்கிறது. எடுத்தவன் சிரித்துக்கொண்டே போனை ஒரு சுற்றுச் சுற்றுகிறான். கீழே, 'இன்று மாலை நாலு மணி, புது டிரைவர் வேலையில் சேர்ந்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறான். விபத்து நடந்த அன்று இரவு போட்டிருக்கிறான். எந்த ஊர் என்று இல்லை. கேட்டு எழுதினால் பதிலும் இல்லை.

"இது எங்க வண்டிதாங்க. பின்கதவுல கிளி இருக்கு பாருங்க. அதோட கண்ணு அழிஞ்சு போச்சுன்னு விபத்துக்கு முந்தின நாள் ராத்திரிதான் என் மக மஞ்சள் பெயிண்ட்ல வச்சா. வேற எந்தக் கிளிக்கும் மஞ்சக் கண்ணு கிடையாது."

அப்படியானால் நாள் உறுதி. கண் வைத்ததற்குப் பின்னால், இணையத்தில் போட்டதற்கு முன்னால், அந்த ஒரே பகல்தான். மிச்சம் இரண்டு கேள்விகள். எந்த இடம்? சொன்னபடி நாலு மணிதானா? இடம் சந்தை முனைக்குத் தூரமாக இருந்து, மணியும் நாலாக இருந்தால் அவன் தப்பித்தான்.

ஜோசியர் வீடியோவை இரண்டு தடவை ஓட்டினார். போன் சுற்றும்போது கூரைகளுக்கு மேலே சிவப்புப் பட்டை இரண்டு போட்ட வெளிர்நிறப் புகைபோக்கி ஒன்று வந்து போனது. அதன் நீண்ட நிழல் காலி முற்றத்தில் விழுந்து, இடிந்த சுற்றுச்சுவர் வழியாக வெளியே வந்து, ரோட்டில் இருந்த வேகத்தடையின் வெள்ளைக் கோட்டில் முடிந்தது. ஜோசியர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "பழைய கண்ணாடித் தொழிற்சாலையோட பின் ரோடு. லாரியெல்லாம் வரிசைல நிக்குமே, அங்க. மணியும் நாலுதான், வெயிலப் பார்த்தாலே தெரியுது" என்றார். அங்கிருந்து சந்தை முனைக்கு லாரியில் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

செய்தி ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிரமாதம், பிரமாதம் என்று இரண்டு தடவை சொன்னார். பதினோரு வருஷத்தில் அளவுகோலுக்கு ஒரு பிரமாதம்தான் கிடைத்திருந்தது. அதுவும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தை நிறுத்தியதற்காக.

ஆனால் அந்தப் பிரிவில் ஒரு விதி உண்டு. ஊகித்தவர் தன் ஊகத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது. ஆசை கண்ணை மறைக்கும் என்பதால் இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். விதியை எழுதியவர் அளவுகோல். ஆகவே வேலை அவரிடம் வந்தது. ஊகித்தவனுக்குத்தான் ஆசை இருக்கும் என்று எழுதிய மகானுக்கு, சரிபார்க்கிறவனுக்கும் ஓர் ஆசை இருக்கக்கூடும் என்பது அப்போது தோன்றவில்லை.

அவருடைய ஆசை எளிமையானது. சகலை ஒரு தடவையாவது மண்ணைக் கவ்வ வேண்டும். டிரைவர் மேல் அவருக்கு ஒரு பகையும் இல்லை. டிரைவர் அவர் நினைப்பிலேயே இல்லை.

செயற்கைக்கோள் படத்தைத் திறந்தார். முதலில் இடம். இங்கேயே தப்பாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தேடினார். எல்லாம் சரியாகவே இருந்தது. முற்றம் இருந்தது, சுவர் இடிந்திருந்தது, வேகத்தடை இருந்தது, எதிரே நீலக்கூரைக் கொட்டகைகூட வீடியோவில் உள்ள அதே வரிசையில் இருந்தது. அவருக்கு எரிச்சலாக வந்தது. இடம் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

அடுத்தது மணி. செயற்கைக்கோள் வந்துபோனது என்றோ ஒரு முற்பகலில். அந்தப் படத்தில் தெரியும் நிழல்கள் அந்த முற்பகலின் நிழல்கள், அவற்றுக்கும் நம் கேள்விக்கும் சம்பந்தமில்லை. படத்திலிருந்து எடுத்துக்கொள்வது தரையின் அமைப்பை மட்டும்தான். புகைபோக்கியிலிருந்து நிழல் முடிந்த வேகத்தடை வரைக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு நேர் எதிர்த்திசையில்தான் வீடியோ எடுத்தபோது சூரியன் இருந்திருக்கும். சூரியனின் இருப்பைச் சொல்லும் தளத்தில் ஊரையும் தேதியையும் கொடுத்தால், எத்தனை மணிக்கு அது அந்தத் திசையில் நின்றது என்று சொல்லிவிடும்.

கோடு இழுத்தார். தளத்தில் பார்த்தார். இரண்டரை மணி.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு மணிக்குச் சூரியன் இன்னும் நன்றாக மேற்கே போயிருக்கும், நிழல் இன்னும் கிழக்கே திரும்பியிருக்கும். இந்தக் கோடு அவ்வளவு திரும்பவில்லை. மறுபடி இழுத்தார், மறுபடியும் இரண்டரை. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. வாயெல்லாம் பல்லாக, பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சரிசெய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம், சொன்னால் அற்பமாகத் தெரியும், ஆனால் மனைவியிடம் சொன்னால் அவளே தங்கையிடம் சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

அவர் எழுதிய அறிக்கையில் இருந்தது ஒரே ஒரு வரி. இடம் பொருந்துகிறது, நேரம் பொருந்தவில்லை, வீடியோ எடுத்தது ஏறக்குறைய இரண்டரை மணிக்கு.

இரண்டரைக்கு அங்கே நின்ற லாரிக்கு, நாலு மணிக்குச் சந்தை முனைக்கு வந்து சேரத் தாராளமாக நேரம் இருக்கிறது. அதாவது, டிரைவரைக் காப்பாற்ற வந்த வீடியோவே அவனை மாட்டிவைத்தது. செய்தி ஆசிரியர் அறிக்கையைப் படித்துவிட்டு, சரி, விட்டுவிடுவோம் என்றார். அளவுகோல் வருத்தமான முகத்தோடு தலையை ஆட்டினார். அந்த முகத்தை வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஜோசியர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார். பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். ஜோசியர் அறிக்கையைப் பார்த்தார், ஒரு நிமிஷம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, சகலை அளந்துட்டா அதுக்கு மேல என்ன இருக்கு என்று செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, டிரைவரின் மனைவியிடம் தானே போய்ப் பேசுவதாக எழுந்து போனார்.

ஆபீசுக்கும் வரவேற்பறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். சத்தம் வராது, காட்சி மட்டும் வரும். ஜோசியர் குனிந்து ஏதோ சொன்னார். அவள் போனை எடுத்து அந்த வீடியோவை மறுபடி காட்டினாள், கிளியின் கண்ணை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். ஜோசியர் தலையை அசைத்தார். அவள் போனைப் பையில் போட்டாள், பையின் காதைச் சுருட்டினாள், மறுபடி பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். எழுந்து போகவில்லை. ஜோசியரும் எழுந்து வரவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அளவுகோல் கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஜெயித்தவனுக்குப் பசிக்க வேண்டும். அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜோசியர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். டிரைவரின் மனைவி வக்கீலைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டாள் என்றார். கடைசியாக ஒன்று கேட்டாளாம், அப்படியானால் என் புருஷன் என்கிட்டயே பொய் சொல்றாரா என்று.

"நான்தான் சகலை அவசரப்பட்டு அந்தம்மாக்கு ஆசை காட்டிட்டேன். எனக்கு நாலு மணின்னுதான் தோணுச்சு. நிழல் அவ்வளவு நீளமா இருந்துச்சா, அதான். நீங்க நீளத்தையும் பார்த்திருப்பீங்க."

"ம்" என்றார் அளவுகோல்.

பார்க்கவில்லை. நிழலைச் சரிபார்க்க இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தத் திசையில் விழுகிறது என்பது ஒன்று, எவ்வளவு நீளம் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மணியைச் சொன்னால்தான் அந்த மணி. ஒன்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களை, நுனிப்புல் மேய்கிறாயா என்று கேட்பவர் அவர். இன்று முதல் கேள்விக்கே இனிப்பான பதில் கிடைத்துவிட்டதால் இரண்டாவதைக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடச் சரியில்லை. கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை.

தட்டை அப்படியே வைத்துவிட்டு மேசைக்குப் போனார். அந்தத் தொழிற்சாலையின் பழைய இணையப் பக்கத்தில் நாற்பது மீட்டர்ப் புகைபோக்கி என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். இரண்டரை மணிக்குச் சூரியன் உயரத்தில் இருக்கும், அதன் நிழலும் ஏறக்குறைய நாற்பது மீட்டர்தான் இருக்கும். முற்றத்தைத் தாண்டாது, சுவரைக்கூடத் தொடாது. படத்தில் வேகத்தடை வரைக்கும் அளந்தார். அது அதைப்போல இரண்டு மடங்கு தூரம். நிழல் தன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீள்வது எப்போது என்று தளத்தில் பார்த்தார்.

நாலு மணி.

திசை இரண்டரை என்கிறது, நீளம் நாலு என்கிறது. ஒரே நிழல் இரண்டு மணி சொல்லாது. அப்படிச் சொன்னால் பொய் நிழலில் இல்லை, கோட்டில் இருக்கிறது. அளவுகோல் படத்தைப் பெரிதாக்கினார். அவர் கோட்டின் முனை, ஒரு கரிய வட்டத்தின் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. புகைபோக்கியின் வாய். அதாவது தலை. வெளிர்நிற உடம்பு வெளிர்நிற சிமெண்டுத் தரையோடு கலந்து மங்கிப்போய், அந்த வட்டத்திலிருந்து வடமேற்கே போய், அங்கே ஒரு கறுத்த நிழலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அடி. பதினெட்டு மீட்டர் தள்ளி.

அடியைப் பிடி, அடியைப் பிடி என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோட்டை அழித்துவிட்டு அடியிலிருந்து இழுத்தார். அது இடிந்த சுவரின் இடைவெளி வழியாக, வீடியோவில் போன மாதிரியே போய், வேகத்தடையைத் தொட்டது. காலையில் இழுத்த கோடு முழுசாக நின்ற சுவரை வெட்டிக்கொண்டு போயிருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. திசையைத் தளத்தில் போட்டார். நாலு மணி. சகலைக்குத் தோணின நாலு மணி.

இனி நடந்ததை அவர் மேல் பிரியம் உள்ளவர்கள் மறைத்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் உடனே எழுந்து ஓடவில்லை. முதலில் நினைத்தது, இதை யாரும் இரண்டாவது தடவை பார்க்கப்போவதில்லை என்பதைத்தான். அளவுகோல் அளந்ததை யார் அளப்பார்கள்? சொன்னால் நாளைக்கு ஆபீஸ் பையன்கள் என்ன பாடு படுத்துவார்கள், செய்தி ஆசிரியர் எந்த மேசையில் போய் நிற்பார், மாமியார் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எல்லாம் வரிசையாக வந்தது. எல்லாவற்றையும்விட, ஜோசியர் பார்த்த மாத்திரத்தில் சொன்னது முழுக்கச் சரி என்று தன் வாயால் சொல்ல வேண்டியிருப்பதுதான் கசந்தது. வயிறு அவ்வளவு எரிந்தது.

அதன் நடுவில்தான் அந்தப் பெண் பையின் காதைச் சுருட்டியது நினைவுக்கு வந்தது. என் புருஷன் என்கிட்டயே பொய் சொல்றாரா என்று கேட்டாளாமே. அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது இந்த மேசை. அவள் இப்போது அந்தப் பொய்யைக் கையோடு வக்கீலிடம் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறாள்.

அளவுகோல் எழுந்தார். செய்தி ஆசிரியரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். நடுக்கூடத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

"நான் தப்பு பண்ணிட்டேன். அடியைப் பிடிக்கல, தலையைப் பிடிச்சுட்டேன். அது நாலு மணி வீடியோதான். அவர் சொன்னது சரி."

ஒரு பையன்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஜோசியர் அதற்குள் போனில் இருந்தார். அம்மா, எங்க இருக்கீங்க, பஸ் ஏறிட்டீங்களா, இறங்கிடுங்க, வக்கீல் நம்பரை மட்டும் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் அளவுகோலின் நாற்காலியை இழுத்து, உட்காருங்க சகலை, எழுதுங்க என்று சைகை காட்டினார். இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து எழுதினார்கள். அடி எங்கே, நிழல் முடிந்தது எங்கே, திசை சொன்ன மணி, நீளம் சொன்ன மணி, கிளியின் கண் என்று ஒவ்வொன்றாகப் படத்தோடு போட்டார்கள். காலையில் போட்ட கோட்டையும், அது ஏன் தப்பு என்பதையும் சேர்க்கச் சொன்னது அளவுகோல். எதிர்த்தரப்பு அதே தப்பைச் செய்துவிட்டு வந்து நிற்கக் கூடாது என்று காரணம் சொன்னார். ஜோசியர் வேண்டாம் சகலை என்றதற்கு, எழுது என்று அதட்டினார்.

அறிக்கை வக்கீலின் கைக்குப் போனபோது வழக்கு இன்னும் கூப்பிடப்படவில்லை. கண்ணாடித் தொழிற்சாலையின் எதிரே இருந்த கொட்டகைக்காரரை விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்தான் ஆட்டின் சொந்தக்காரர். அந்த லாரி சாயங்காலம் வரைக்கும் அங்கேதான் நின்றது, என் ஆட்டை இறக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது என்று அவர் சொன்னார். மறுநாள் டிரைவரை விட்டுவிட்டார்கள்.

அவனும் மனைவியும் மகளும் ஆபீசுக்கு வந்தார்கள். நேராக ஜோசியரின் மேசைக்குத்தான் போனார்கள். அது நியாயம்தான். அளவுகோலும் கையை நீட்டி அங்கேதான் காட்டினார். ஜோசியரோ அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து இவரிடம் கூட்டிவந்து, இவர்தான் அளந்தவர் என்றார். குழந்தை இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிளிக்கு வைத்த அதே மஞ்சள் பெயிண்ட் நக இடுக்கில் இன்னும் ஒட்டியிருந்த விரலால் இவர் மேசைக் கண்ணாடியைத் தொட்டது. அச்சில் வந்த செய்தியின் கீழே இரண்டு பேர் பெயரும் இருந்தது. அளவுகோலின் பெயர் முதலில். தட்டச்சு செய்தது யார் என்று கேட்கத் தேவையில்லை.

அதுவரைக்கும் அவர் தாங்கிக்கொண்டார். தப்பை ஒத்துக்கொண்டாயிற்று, பொறாமையும் அத்தோடு தொலைந்தது என்றுதான் நினைத்திருந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி போனை நீட்டினாள். மாமியார். பதினாலு வருஷத்தில் மாமியார் பெரிய மாப்பிள்ளையைத் தேடிப் போன் செய்தது அதுவே முதல் தடவை.

"மாப்பிள்ளை, ஒரு உசுரையே காப்பாத்திட்டீங்களாமே. சின்ன மாப்பிள்ளை எல்லாம் சொன்னார். நீங்க இல்லைன்னா ஒண்ணும் நடந்திருக்காதாம்."

இந்த வார்த்தைகளுக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தார். வந்த வார்த்தைகளைக் கையால் தொட முடியவில்லை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டால் இரண்டாவது தடவையும் தலையைப் பிடித்ததாக ஆகும்.

"இல்ல அத்தை. கண்டுபிடிச்சது அவர். நான் தப்பா அளந்து, இருக்கிறதையும் கெடுக்கப் பார்த்தேன். அவர் சரியாத்தான் சொன்னார், நான்தான் அவர் மேல இருந்த பொறாமைல ஒழுங்கா பார்க்கல."

சொல்லிவிட்டார். பொறாமை என்ற சொல்லையே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் மாமியார் சிரித்தார். சின்ன மாப்பிள்ளைக்காக மட்டும் இதுவரைக்கும் சிரித்த சிரிப்பு அது.

"தெரியும் மாப்பிள்ளை. நீங்க இப்படித்தான் தப்பெல்லாம் உங்க மேல போட்டுக்கிட்டு அடக்கமா பேசுவீங்க, அதை நம்பாதீங்கன்னு சின்ன மாப்பிள்ளை முன்னாடியே சொல்லிட்டார்."

அளவுகோல் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னங்க, என்ன ஆச்சு என்று அவள் கேட்டாள். வயிறு மறுபடி எரிய ஆரம்பித்திருந்தது, முன்னைவிட அதிகமாக.